‘முடிவெடுக்கப்பட்டது’: எடுத்தவர் யார், செய்பவர் யார், எந்நாளுக்குள்?

கூட்டத்துக்கு வர இயலாதவருக்கு ஆறு பக்கக் கூட்டக் குறிப்பை அப்படியே அனுப்பிவிட்டு, ‘உங்களுக்குத் தெரிவித்துவிட்டோம்’ என்று சொல்லும் வழக்கம் நம் துறைகளிலும் ஆய்வுக் குழுக்களிலும் ஊர் அமைப்புகளிலும் நிலைபெற்றுவிட்டது. இது தெரிவித்தல் அன்று. தெரிவித்ததாகக் கணக்குக் காட்டுதல். இவ்வழக்கத்தின் வேர் சோம்பலில் இல்லை, நாம் எழுதும் தமிழில் இருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில், வராதவர் யார் என்று பார்ப்போம். பங்காரப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப்பாதையில் உள்ள நிலையம் ஊரிகம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டபின், கோலார் தங்கவயலின் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை பெங்களூரில்தான். விடியுமுன் ரயிலேறி, இருட்டியபின் இறங்குகிறார்கள். ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். இங்கே வாரநாள் மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் வைத்தால் யார் வரமாட்டார் என்பதைக் கூட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும், ஷிப்டில் வேலை செய்பவர் வரமாட்டார். ஆக, வராமை இங்கே தற்செயல் அன்று. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே ஆள்கள் வராதவர் ஆகிறார்கள். ‘வந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்ற பதில் அவர்களிடம் சொல்லத்தக்கதன்று. ஆய்வுப் பணியோடு பகுதிநேர ஆசிரியப் பணியும் பார்க்கும் மாணவர்க்கும், களப்பணியில் இருப்பவர்க்கும் இது பொருந்தும்.

இனி மொழிக்கு வருவோம்.

நம் கூட்டக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வினைமுற்றுகளைப் பட்டியலிடுங்கள்: விவாதிக்கப்பட்டது, தெரிவிக்கப்பட்டது, வலியுறுத்தப்பட்டது, முடிவெடுக்கப்பட்டது. அனைத்தும் ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினைகள். பேச்சுத் தமிழில் இவ்வமைப்பு மிக அரிது என்பது மொழியியல் மாணவர் யாவரும் அறிந்ததே. கூட்டத்தில் எவரும் ‘அறிக்கை உங்களால் அனுப்பப்பட வேண்டும்’ என்று பேசுவதில்லை. ‘அண்ணே, அந்த ரிப்போர்ட்ட நீங்க சனிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க’ என்றுதான் பேசுகிறார்கள். அதற்கு அவர், ‘சரி, அனுப்பிடறேன்’ என்கிறார். இவ்விரண்டு வாக்கியங்களில் செய்பவர் இருக்கிறார், செயல் இருக்கிறது, நாள் இருக்கிறது, ஒப்புதலும் இருக்கிறது. குறிப்பெழுதுபவர் இதைச் ‘செந்தமிழாக்கி’, ‘அறிக்கை விரைவில் அனுப்பப்பட வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது’ என்று எழுதும்போது நான்கில் மூன்று போய்விடுகின்றன. எனவே, ‘கூட்டத்திலேயே தெளிவில்லை’ என்ற சமாதானம் பெரும்பாலும் பொய். தெளிவு அறையில் இருந்தது, எழுத்தில் அழிக்கப்பட்டது.

நன்னூலார் வினை என்பது எவற்றைத் தரும் என்று ஆறனைச் சொல்கிறார். அவற்றுள் மூன்று செய்பவன், செயல், காலம். வராதவருக்குத் தேவையான பட்டியலும் இம்மூன்றே: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்நாள் கெடு. இது மேலாண்மைப் பாடநூல் கண்டுபிடித்த புதுமை அன்று. ஒரு நல்ல வினைமுற்று இயல்பாகவே கேட்கும் கேள்வி. ‘செய்யப்பட வேண்டும்’ என்ற நம் அலுவல் நடை அக்கேள்விகளுள் இரண்டுக்கு வாயடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு தவறான தீர்வைக் குறிப்பிட வேண்டும். பலர் குறிப்பைச் ‘சுருக்கி’ அனுப்புகிறார்கள். ஆறு பக்கம் அரைப் பக்கமாகிறது; ஆனால் செய்பவர் இல்லாத வாக்கியத்தைச் சுருக்கினால் செய்பவர் இல்லாத சிறிய வாக்கியமே கிடைக்கும். சுருக்கம் என்பது இருப்பதைக் குறைப்பது. பட்டியல் என்பது தொலைந்ததை மீட்பது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்லும் வேலைகள்.

சொன்னதை ஒரு மாதிரியில் காட்டுகிறேன். தங்கவயல் லைன் குடியிருப்புகளின் பேச்சைப் பதிவுசெய்யும் ஒரு சிறு குழு மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு நான் புனைந்தது. நடை புனைந்ததன்று, எங்கும் காணக்கூடியது.

‘மாரிக்குப்பத்தில் எடுக்கப்பட்ட 14 ஒலிப்பதிவுகளில் 9 எழுத்தாக்கப்பட்டுவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. மீதமுள்ளவை விரைவில் முடிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. பேசியவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாத பதிவுகளைப் பொது ஆவணத்தில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுக்கப்பட்டது. ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் மாற்றி எழுதலாம் என்ற கருத்து ஏற்கப்பட்டது. புதிய ஒலிப்பதிவுக் கருவி குறித்து அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம். நிதி அறிக்கை அடுத்த வாரத்துக்குள் அனுப்பப்பட வேண்டும். அடுத்த நிகழ்வுக்கான மண்டப ஏற்பாட்டைச் ச. பார்த்துக்கொள்வார்.’

ச. அன்று கூட்டத்தில் இல்லை. இதைப் படித்து அவர் என்ன செய்வார்?

முதல் வேலை, வாக்கியங்களைத் தரம் பிரிப்பது. அதற்கு ஒரே சோதனை போதும்: இவ்வாக்கியத்தால், கூட்டத்துக்கு முன் இல்லாத ஒரு கடமையோ தடையோ யாருக்காவது பிறந்ததா? ‘14இல் 9 முடிந்தது’ என்பது செய்தி, யாருக்கும் புதுக் கடமை இல்லை, பட்டியலில் இடமில்லை. ‘எளிய தமிழில் மாற்றி எழுதலாம்’ என்பதில்தான் சிக்கல். தமிழின் ‘லாம்’ ஈறு மூன்று வேலை செய்கிறது: அனுமதி தரும், இயலும் என்று சொல்லும், ‘வாருங்கள், செய்வோம்’ என்று அழைக்கவும் செய்யும். அறையில் இருந்தவர்க்குக் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைச் சொல்லிவிட்டது. எழுத்தில் குரல் இல்லை. அடுத்து ‘ஏற்கப்பட்டது’ என்று வருவதால் இது முடிவு என்று கொள்கிறோம். ஆனால் ‘கருவி குறித்து அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பதில் அதே ‘லாம்’ ஒத்திவைப்பைக் குறிக்கிறது. அதை முடிவுகளோடு கலக்காமல் தனியே ‘ஒத்திவைத்தவை’ என்று போட வேண்டும். இல்லையெனில், கருவி வாங்க ஒப்புதல் கிடைத்ததாக எண்ணி ஒருவர் விலை விசாரிக்கப் போய்விடுவார்.

தடையை விட்டுவிடுவது இப்பட்டியல்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ‘யார் என்ன செய்ய வேண்டும்’ என்று மட்டும் தேடுபவர் கண்ணில் ‘சேர்க்க வேண்டாம்’ படாது. ஏனெனில் அதில் செய்ய எதுவுமில்லை. வராதவர் மீறக்கூடியதோ முதலில் அதைத்தான். மறுநாள் இரவு ரயிலில் உட்கார்ந்து, கைப்பேசியிலிருந்து, கையெழுத்தில்லாத ஒரு முதியவரின் பதிவை அவர் நல்லெண்ணத்தோடு ஏற்றிவிடக்கூடும். அதன் விளைவு குழுவின் மீது மட்டும் விழாது. நம்பிப் பேசிய அந்த முதியவர் மீதும் விழும். எனவே தடைகள் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும்.

இரண்டாம் வேலை, செய்பவரை மீட்பது. ‘மீதமுள்ளவை முடிக்கப்பட வேண்டும்’: யாரால்? குறிப்பெழுதியவர் இங்கே ஊகிக்கக் கூடாது. முதல் 9 பதிவுகளை எழுதியவரே மீதி 5ஐயும் எழுதுவார் என்று நினைப்பது இயல்பு. அவர் இனி முடியாது என்று சொல்வதற்காகவே அப்பேச்சு எழுந்திருக்கவும் கூடும். அன்றிரவே தொலைபேசியில் கேட்க வேண்டும். கேட்டும் தெரியவில்லையெனில், ‘பொறுப்பாளர் குறிக்கப்படவில்லை’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். வெற்றிடம் கண்ணில் பட்டால்தான் யாரேனும் நிரப்புவார். ‘குழு’, ‘அனைவரும்’, ‘நாம்’ என்பன பெயர்கள் ஆகா. தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உள்ளடக்கும், ‘நாங்கள்’ அடக்காது என்று பெருமையோடு கற்பிக்கிறோம். ஆனால் அறையில் சொன்ன ‘நாம்’ அறையில் இல்லாதவரை உள்ளடக்கியதா என்று இலக்கணம் சொல்லாது. கூட்டம்தான் சொல்ல வேண்டும்.

ஊர் அமைப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பேச்சில் பெயர் வருவதே இல்லை. ‘அண்ணன் பார்த்துக்குவாரு’, ‘அக்காகிட்ட சொல்லிடலாம்’ என்றே முடிவுகள் அமைகின்றன. அறையில் ஒரு தலையசைப்பு எந்த அண்ணன் என்று காட்டிவிடும். வராதவருக்கு எல்லாரும் அண்ணன்மாரே. மரியாதையைக் கைவிடச் சொல்லவில்லை, ‘க. அண்ணன்’ என்று எழுத ஓர் எழுத்துதான் கூடுதல்.

மூன்றாம் வேலை, காலத்தை நாட்காட்டிக்கு மாற்றுவது. ‘நேற்று’, ‘அடுத்த வாரம்’ போன்ற சுட்டுச் சொற்கள் பேசும் கணத்தை மையமாகக் கொண்டவை. ஞாயிறன்று சொன்ன ‘அடுத்த வாரத்துக்குள்’ மறுநாள் தொடங்கும் வாரமா, அதற்கடுத்ததா என்பதில் அறையில் இருந்தவர்களே ஒத்துப்போகமாட்டார்கள். குறிப்பைப் புதன்கிழமை படிப்பவருக்கு மையமே நகர்ந்துவிட்டது. அவர் கணக்கில் கெடு ஒரு வாரம் தள்ளிப்போகிறது. ‘விரைவில்’ என்பதோ காலமே அன்று. அது ஒரு மனநிலை. ‘மார்ச் 15, சனி’ என்று தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

நான்காம் வேலைதான் இப்பதிவை எழுதத் தூண்டியது. ‘மண்டப ஏற்பாட்டைச் ச. பார்த்துக்கொள்வார்.’ இவ்வாக்கியத்தின் தகுதி என்ன? ஆஸ்டினும் அவருக்குப் பின் சேர்லும் பேச்சுச் செயல்களைப் பிரித்தபோது, வாக்களித்தலைத் தனி வகையாக வைத்தனர். வாக்கு, கொடுப்பவர் தாமே சொன்னால்தான் வாக்கு. ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று ச. சொன்னால் அது கடமை. ‘பார்த்துக்கொள்வார்’ என்று பிறர் சொன்னால் அது முன்கணிப்பு. கூடிப்போனால் ஒரு விருப்பம். பத்துப் பேர் கைதூக்கி நிறைவேற்றினாலும் அது ச.வின் வாக்காக மாறாது. ஆனால் நம் குறிப்புகள் அதைக் கடமையாகவே பதிகின்றன. அடுத்த கூட்டத்தில், ‘ச. செய்யவில்லை’ என்ற வரியும் ஏறிவிடும். கேளாத கூட்டத்தில், கொடுக்காத வாக்கை மீறியவராக ஒருவர் எழுத்தில் நின்றுவிடுகிறார். யாரும் விரும்பாத வேலைகள் வராதவர் தலையில் சென்று சேர்வது எப்படி என்று வியப்பவர்க்கு விடை இந்த ‘ஆர்’ விகுதியில் இருக்கிறது.

ஆகவே, வராதவருக்கு ஒதுக்கிய வேலையை வேண்டுகோள் என்றே குறிக்க வேண்டும். ஆம், இல்லை என்று சொல்ல ஒரு நாள் தர வேண்டும். இல்லை என்றால் அடுத்து யாரிடம் போகும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. ரயிலில் சிக்னல் கிடைக்காதவரின் மௌனம் எதற்கும் சம்மதம் அன்று.

மேற்சொன்ன குறிப்பு, அன்றிரவு இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்குப்பின், இவ்வாறு ஆகும்:

மார்ச் 9 கூட்டம் – முடிவுகள்
1. தடை, உடனே நடப்புக்கு வருகிறது: ஒப்புதல் கையெழுத்து இல்லாத பதிவை யாரும் பொது ஆவணத்தில் ஏற்றக் கூடாது. ஏற்கெனவே ஏறியவற்றை நீக்குபவர்: க. மார்ச் 14, வெள்ளி.
2. ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் எழுதுபவர்: ம. மார்ச் 21, வெள்ளி.
3. நிதி அறிக்கையை அனைவருக்கும் அனுப்புபவர்: வ. மார்ச் 15, சனி.
4. மீதமுள்ள 5 பதிவுகளின் எழுத்தாக்கம்: பொறுப்பாளர் குறிக்கப்படவில்லை, நாள் குறிக்கப்படவில்லை.
5. ச.விடம் வேண்டுகோள்: மண்டப ஏற்பாடு. ஆம் அல்லது இல்லை என்று மார்ச் 12, புதனுக்குள் ம.விடம் சொல்லவும். இல்லையெனில் ம. ஏற்பார்.
ஒத்திவைத்தது: ஒலிப்பதிவுக் கருவி. வாங்க ஒப்புதல் இல்லை.

கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்கக்கூடிய பட்டியல். நான்காம் எண்ணைக் கவனியுங்கள்: கூட்டத்தின் உண்மையான தோல்வி அங்கே அம்பலமாகிறது. மூலக் குறிப்பில் அதே தோல்வி, ‘வலியுறுத்தப்பட்டது’ என்ற கம்பீரமான சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இப்பட்டியலை எதிர்ப்பவர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ‘கூட்டக் குறிப்பு சட்ட ஆவணம்; அதில் கைவைக்கக் கூடாது’ என்பது முதலாவது. கைவைக்கச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 118ஆம் பிரிவில், குறிப்பு என்பது நடவடிக்கைகளின் நேர்மையான, சரியான சுருக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்கிறது. அது நடந்ததற்குச் சான்று. பட்டியல் நடக்கவேண்டியதற்கு வழிகாட்டி. முன்னது ஒரு மாதம் காத்திருக்கலாம். பின்னது 24 மணி நேரத்தில் போகாவிட்டால் பயனில்லை. நம் குறிப்புகள் பெரும்பாலும் அடுத்த கூட்டத்தில்தான் உறுதிசெய்யப்படுகின்றன. மேற்சொன்ன பட்டியலில் ஒரு கெடுகூட அதுவரை காத்திருக்காது. இரண்டும் முரண்பட்டால் குறிப்பே செல்லும். பட்டியலைத் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வரியிலும் குறிப்பின் பத்தி எண்ணைச் சேர்ப்பது நல்லது.

இரண்டாவது, ‘செயப்பாட்டு வினை கூட்டுப் பொறுப்பின் அடையாளம், பெயர் சொல்வது குற்றம் சாட்டுவதாகும்’ என்பது. முடிவெடுத்ததில் கூட்டுப் பொறுப்பு இருக்கட்டும்; ‘குழு முடிவெடுத்தது’ என்று எழுதுங்கள். செய்வதில் கூட்டுப் பொறுப்பு என்பது நடைமுறையில் யார் பொறுப்பும் இல்லை என்பதே. ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிமுறை நூலின் வழிவந்தோர், குறிப்பில் பேசியதை எழுதாதே, செய்ததை எழுது என்கின்றனர். நாமோ தலைகீழாக, யார் என்ன பேசினார் என்பதற்கு இரண்டு பக்கமும், யார் செய்வார் என்பதற்கு ஒரு ‘படு’வும் ஒதுக்குகிறோம். பேசியவரின் பெயரை எழுதக் கூசாத நாம் செய்பவரின் பெயரை எழுதக் கூசுவது ஏன்?

மூன்றாவது வாதத்துக்கு மட்டும் ஓரளவு இடம்தருகிறேன்: ‘பட்டியலில் காரணங்கள் இல்லை, மாற்றுக் கருத்துகள் இல்லை’. உண்மை. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, யார் மறுத்தார் என்பதைப் பட்டியல் தாங்காது. அதற்குக் குறிப்பைத்தான் படிக்க வேண்டும். தடைக்கு மட்டும் காரணத்தை ஒரு வரியில் சேர்க்கலாம். காரணம் தெரியாத தடையை மனிதர் எளிதில் மீறுவர். தேர்வுக் குழு, ஒழுங்கு நடவடிக்கை போன்ற மறைவான கூட்டங்களின் முடிவுகளைக் கைப்பேசிக் குழுவில் போடவே கூடாது. உரியவருக்கு மட்டும் தனியே அனுப்ப வேண்டும்.

ஒரு பட்டியல் சரியாக அமைந்ததா என்று அறிய வழி எளிது. வராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, ‘நீங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எந்நாளுக்குள், ஐயம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்’ என்று கேளுங்கள். அறையில் இருந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைக்காமல் அவர் விடைசொன்னால் பட்டியல் தேறியது. உங்கள் அமைப்பின் பழைய குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். ஒரே பொருள் மூன்று கூட்டங்களில் தொடர்ந்து ‘வலியுறுத்தப்பட்டது’ என்றிருந்தால், அதற்கு என்றுமே ஒரு பெயர் இருந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

தங்கவயலின் கம்பெனிகளை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த காலத்தில் இயக்குநர்கள் லண்டனில் கூடினர். சுரங்கம் இங்கே இருந்தது. முடிவெடுப்பவர் ஓர் அறையிலும் செய்பவர் வேறிடத்திலும் இருப்பது இவ்வூருக்குப் பழைய கதை. இன்று இங்கே கூடும் சிறு குழுக்களில் அதே பிளவை, கடல் தாண்டாமலே, ஓர் இலக்கண வடிவத்தால் நாமே உண்டாக்குகிறோம். ஆய்வு மாணவர்களே, அடுத்த கூட்டத்தில் குறிப்பெழுதும் வேலை பெரும்பாலும் உங்களிடம்தான் வரும். ‘அனுப்பப்பட வேண்டும்’ என்று எழுதப் பேனா எடுக்கும்போது கையை உயர்த்தி, ‘யார் அனுப்புவது, எந்தத் தேதிக்குள்?’ என்று கேளுங்கள். ஒரு கணம் அறை அமைதியாகும். அந்த அமைதியைக் கலைக்க யாரேனும் ஒருவர் ‘நான்’ என்று சொல்லும்வரை அடுத்த பொருளுக்குப் போகாதீர்கள்.